மின்தடை வீட்டுக்கு எந்த ஃபிரிட்ஜ்?

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃபிரீசர் பெட்டியின் சுவரே குளிரூட்டும் தகடு. அதைத் தொட்ட காற்று கனத்துக் கீழே இறங்கி, தட்டுகளில் உள்ளதைக் குளிர்விக்கிறது. விசிறி கிடையாது. இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் அந்தத் தகடு ஃபிரீசரின் பின்சுவருக்குள் மறைந்திருக்கும். குளிர்ந்த காற்றைக் கீழ் அறைக்குத் தள்ளுவது ஒரு சிறு விசிறி. படியும் பனியை ஹீட்டர் ஒன்று அவ்வப்போது உருக்கி வெளியேற்றிவிடும்.

கரண்ட் போனதும் இந்த வேறுபாடு வெளிப்படுகிறது. விசிறி நின்றால், இரட்டைக் கதவு ஃபிரிட்ஜின் கீழ் அறைக்கு மேலிருந்து குளிர் இறங்குவது ஏறக்குறைய நின்றுவிடும். பாலும் இட்லி மாவும் இருப்பது அங்கேதான். ஒற்றைக் கதவில் மேலே ஐஸ் இருக்கும்வரை குளிர் தானாகவே இறங்கும். ஐஸின் வலிமை பெரியது: 1 கிலோ ஐஸ் உருகும்போது, 80 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி குளிரவைக்கும் அளவுக்கு வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஆனால் மீன், கறி சேமிப்பவர்களுக்கு ஒற்றைக் கதவு சரிப்படாது. கதவைத் திறக்கும்போதெல்லாம் ஃபிரீசருக்கும் வெக்கை ஏறும். தனிக் கதவுள்ள ஃபிரீசர், நிறைந்திருந்தால், திறக்காமல் ஒரு நாளுக்கு மேல் தாங்கும்.

தமிழ்நாட்டில் பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் நிறுத்தப்படும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாம். மூடிய கதவோடு கீழ் அறை 4 மணி நேரம் வரைதான் பாதுகாப்பு. மதியம் 1 மணிக்குப் பிறகு பால் ஆபத்தில் இருக்கிறது. முதல் நாளே 2 லிட்டர் பாட்டில்களில், வாய்ப்பக்கம் சற்று இடம் விட்டு, தண்ணீர் நிரப்பி உறையவைக்க வேண்டும். ஒற்றைக் கதவில் அவை இருந்த இடத்திலேயே வேலை செய்யும். இரட்டைக் கதவில், கரண்ட் போனவுடன் ஒரே முறை திறந்து, கீழ் அறையின் மேல்தட்டுக்கு மாற்ற வேண்டும். ஃபிரீசரிலேயே விட்டால் பாலுக்குப் பயனில்லை. பாட்டிலுக்குப் பதிலாகத் தகட்டில் பனியை வளரவிடுவது தவறு. அரை சென்டிமீட்டர் தாண்டினால் பனியே தகட்டைப் போர்த்தி, குளிரைத் தடுத்து, மின் செலவைக் கூட்டும்.

வீட்டில் ஆளில்லாதபோது நேர்ந்த மின்தடையைக் கண்டுபிடிக்க, உறைந்த தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் ஒரு நாணயத்தை வைத்தால் போதும். நாணயம் உள்ளே அமிழ்ந்திருந்தால், ஃபிரீசர் ஒருமுறை உருகி மீண்டும் உறைந்திருக்கிறது. அதிலிருந்த மீனைச் சமைக்கக் கூடாது.

இட நெருக்கடியைப் பொறுத்தவரை பலரும் நினைப்பதுபோல் பெரிய வேறுபாடு இல்லை. ஒற்றைக் கதவு சுமார் 54 சென்டிமீட்டர் அகலம், சிறிய இரட்டைக் கதவு 55 முதல் 60 வரை. கூடுவது உயரம்தான். ஆகவே தரையை மட்டும் அளந்தால் போதாது. மேலே பரண் இடிக்கிறதா, கதவு முழுதாகத் திறக்கிறதா, பின்புறம் காற்றுக்கு இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நட்சத்திரங்களை ஒப்பிடுவதும் ஏமாற்றும். இரண்டு வகைக்கும் அளவுகோல் வேறு என்பதால், லேபிளில் உள்ள ஆண்டு யூனிட் எண்ணையே ஒப்பிட வேண்டும்.

பால், மாவு, காய்கறி மட்டும் வைக்கும் நால்வர் குடும்பத்துக்கு 190 லிட்டர் அளவிலான ஒற்றைக் கதவே சரியான தேர்வு. வாரக்கணக்கில் மீனும் கறியும் வைப்பவர்கள் 240 லிட்டர் அளவிலான இரட்டைக் கதவையே வாங்க வேண்டும்.