சேறாகிவிட்ட பிறகு தொட்டி எதற்கு?

கட்டுமானத் தளத்துக்கென்று எழுதப்படும் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டங்களில் தூசிக்கு ஓர் அத்தியாயம், இரைச்சலுக்கு ஒன்று, மழைநீருக்கு ஒன்று என்று பாகம் பிரித்திருப்பது வழக்கம். தூசி பறந்தால் தண்ணீர் தெளி, சத்தம் கேட்டால் தகரம் அடி, சேறு வந்தால் தொட்டி வெட்டு. வேறு ஊரில் இது ஓரளவு பலிக்கலாம். பெருங்குடியில் பலிக்காது. ஒரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்புநிலம், மறுபக்கம் பழைய மாமல்லபுரம் சாலை. நடுவே மெட்ரோவின் மாதவரம்–சிப்காட் வழித்தடத் தூண்களும் அடுக்குமாடிகளும் ஒரே நேரத்தில் எழும்புகின்றன. சதுப்பையொட்டிய நிலத்தில் தோண்டினால் வருவது பெரும்பாலும் களிமண். காய்ந்தால் தூசியாவதும் நனைந்தால் சேறாவதும் அதே மண்தான் என்பதால், ஓர் அத்தியாயத்தின் மருந்து அடுத்த அத்தியாயத்தின் நோயாகிவிடுகிறது. தண்ணீரை அள்ளி இறைத்தால் தூசி அடங்கும். அதே தண்ணீர் சேறாகி லாரி டயரில் ஒட்டி வெளியே போய், சாலையில் காய்ந்து, மறுநாள் தூசியாகத் திரும்பும்.

முதலில் தொட்டியைப் பார்ப்போம். கலங்கல் நீரைத் தேக்கிவைத்தால் மண் அடியில் தங்கிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. தங்கும்தான், ஆனால் எவ்வளவு நேரத்தில்? துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் அது இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். ஸ்டோக்ஸ் விதி சொல்வது இதைத்தான். 0.1 மி.மீ. மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம் போதும். 20 மைக்ரான் வண்டலுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். 2 மைக்ரான் களிமண்ணுக்கோ அசையாத நீரிலேயே ஏறக்குறைய மூன்று நாள். ஒரு ஏக்கர் தளத்தில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு வழிந்தோடுவதாகக் கொள்வோம். தொட்டிக்கு வரும் நீர் மணிக்குச் சுமார் 135 கன மீட்டர். ஓடும் நீரில் துகளைப் பிடிக்க ஆழத்தைவிடத் தொட்டியின் பரப்புதான் முக்கியம். வண்டலை மட்டும் நிறுத்த 100 சதுர மீட்டர் பரப்பு போதும். மனம் வைத்தால் ஒதுக்கிவிடலாம். களிமண்ணையும் நிறுத்த அதைப்போல் நூறு மடங்கு, அதாவது இரண்டரை ஏக்கர் வேண்டும். ஒரு ஏக்கர் தளத்துக்கு இரண்டரை ஏக்கர் தொட்டி!

படிகாரம் போட்டால் துகள்கள் திரண்டு சீக்கிரம் இறங்குமே என்று பொறியாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பள்ளத்தில் தேங்கிய நீருக்கு, அளவாகக் கலந்து, அமில–காரத் தன்மையைச் சோதித்து இதைச் செய்யலாம். கொட்டும் மழையில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் ஓட்டத்துக்குச் சரியான அளவில் கலப்பது குடிநீர் நிலைய வேலை. வாயிற்காவலர் கையில் ஒரு மூட்டையைக் கொடுத்து முடிகிற காரியமில்லை. பைலுக்குத் துளையிடும்போது பயன்படும் பென்டோனைட் குழம்பு இன்னும் மோசம். துளையின் சுவர் சரியாமல் தாங்குவதற்காக, படியாமல் மிதப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த களிமண் அது. அதை வண்டல் தொட்டியில் விட்டுவிட்டுப் படியும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. மணலைப் பிரித்தெடுத்துவிட்டுக் குழம்பை மறுபடி பயன்படுத்த வேண்டும், கழிவைத் தனி டேங்கரில் ஏற்ற வேண்டும்.

தொட்டி வேலை செய்கிறதா என்பதை அறிய ஆய்வகம் தேவையில்லை. வெளியேறும் நீரைத் தெளிவான பாட்டிலில் பிடித்து ஓர் இரவு வைக்கலாம். காலையிலும் தேநீர் நிறத்தில் நின்றால் களிமண் அப்படியே வடிகாலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது பொது விதி. வடிகால் எங்கே முடிகிறது என்பதுதான் இங்கே விஷயம். பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் எல்லையிலிருந்து எத்தனை தூரத்துக்குக் கட்டக் கூடாது என்ற வழக்குகள் நடக்கின்றன. அது வேண்டியதுதான். ஆனால் சேறு தூரத்தைப் பார்த்துப் போவதில்லை, வடிகாலின் சரிவைப் பார்த்துப் போகிறது.

ஆகவே திட்டத்தின் கவனம் தொட்டியிலிருந்து வாசலுக்கும் திறந்து கிடக்கும் மண்ணுக்கும் நகர வேண்டும். அன்றைக்குத் தேவையான இடத்தை மட்டும் தோண்டுவது, மீதியை மூடிவைப்பது, லாரி ஓடும் பாதையில் முதல் வாரமே கான்கிரீட் போடுவது: வடகிழக்குப் பருவமழைக்கு முன் இவை முடிந்தால் சேற்றின் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது. வாசலில் டயர் கழுவும் குழி பல தளங்களில் உண்டு. நீளத்தை அளந்துபாருங்கள். லாரிச் சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்ற மூன்று மீட்டருக்கு மேல் ஆகும். மூன்று மீட்டர் குழியில் சக்கரம் ஒரு சுற்றுகூட முடிக்காமல் வெளியேறுகிறது. இரண்டு சுற்றாவது கழுவப்பட ஏழு மீட்டர் வேண்டும். அதற்குப் பிறகு நீர் சொட்டி வடிய, உள்பக்கமே சரிந்த தரை வேண்டும். இல்லையென்றால் கழுவிய நீரே சாலைக்குச் சேற்றைக் கொண்டுபோகும்.

தண்ணீர் தெளிப்பதையே நிறுத்தச் சொல்கிறேனா? இல்லை. வெட்டும் இடத்திலும் கொட்டும் இடத்திலும் மெல்லிய பனித்தூவலாகத் தெளிப்பது பயனுள்ளது. குழாயைத் திறந்து தரையில் ஓடவிடுவதுதான் தவறு. தூசியை எங்கே தேடுவது என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. டெல்லியில் பிஎம்10 துகள்களின் பெரிய தோற்றுவாய் சாலைத் தூசி என்று 2016இல் வெளியான ஐஐடி கான்பூர் ஆய்வு கணக்கிட்டது. சென்னையின் ஈரக் கடற்காற்றில் அளவு மாறலாம், ஆனால் டயர் கொண்டுவந்த மண்ணை அடுத்த டயர் அரைக்கும் விதம் மாறாது. கட்டடத்தைச் சுற்றிய பச்சை வலை, வாசலுக்கு வெளியே 100 மீட்டரில் கிளம்பும் தூசியை என்ன செய்யும்?

இரைச்சலும் இந்த வாசலில்தான் வந்து நிற்கிறது. பகலில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் மண் லாரிகள் இரவில் ஓடுகின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை 45 டெசிபல்தான் வரம்பு, பகலில் 55. பத்து மீட்டரில் 85 டெசிபல் எழுப்பும் இயந்திரம் நாற்பது மீட்டரிலும் 73 டெசிபல் கேட்கும். தகரத் தடுப்பு நடுவில் மறைத்தால் பத்து டெசிபல்போலக் குறையலாம், ஆனால் இயந்திரத்தை மேலிருந்து நேராகப் பார்க்கும் நான்காம் மாடிக்கு அந்தத் தகரம் இல்லாததற்குச் சமம். எனவே தடுப்பைவிட நேரமும் முறையும் முக்கியம். பைல் தலையை பிரேக்கரால் கொத்தி உடைப்பது மிகக் கொடிய சத்தம். அதைப் பகலுக்குத் தள்ளலாம், அல்லது ஹைட்ராலிக் கருவியால் நெரித்து உடைக்கலாம். இரவு லாரிகளை அடியோடு நிறுத்துவது நடைமுறையில் கடினம்தான். தோண்டும் மண்ணைக் குறைத்தால் லாரி நடைகள் குறையும் என்பதையாவது திட்டம் கணக்கிட்டுக் காட்டலாம். இரவில் டயர் கழுவுபவர் தூங்கப் போய்விடுவார் என்பதையும் சேர்த்து.

இதற்கெல்லாம் இடம் ஏது, பணம் ஏது என்று ஒப்பந்ததாரர் கேட்பார். சாலை நடுவில் தூண் நடும் தளத்தில் ஏழு மீட்டர் குழிக்கு இடமில்லாமல் போகலாம். அங்கே அழுத்தக் குழாயும் இரண்டு ஆட்களும்தான் வழி. பணத்தைப் பொறுத்தவரை, சுற்றுச்சூழல் பணி என்று மொத்தமாக ஒரு தொகை எழுதினால் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது கைக்கு வந்துவிடுகிறது. மூடிய மண்ணுக்குச் சதுர மீட்டர் கணக்கிலும், அகற்றிய குழம்புக்கு டேங்கர் கணக்கிலும் அளந்து கொடுத்தால் செய்தே ஆக வேண்டும்.

புயல் மழைக்கு எந்த ஏற்பாடும் தாங்காது என்பது உண்மை. ஆனால் மிக அடர்த்தியான சேறு பெரும்பாலும் மழை நாளில் வெளியேறுவதில்லை. மழை விட்ட மறுநாள், அடித்தளப் பள்ளத்தில் தேங்கியதை வேலை தொடங்கும் அவசரத்தில் மோட்டார் வைத்து இறைக்கும்போதுதான் போகிறது. உறிஞ்சு குழாயின் வாய் பள்ளத்தின் அடியில் கிடந்தால் வருவது குழம்பு. அதே வாயை ஒரு காலி டிரம்மில் கட்டி மிதக்கவிட்டு, மேல்மட்ட நீரை மட்டும் எடுத்து, கடைசி ஓரடி நீரை டேங்கருக்கு விட்டுவைத்தால் வடிகாலுக்குப் போகும் களிமண் வெகுவாகக் குறையும். அதற்கு ஆகும் செலவு ஒரு டிரம், கொஞ்சம் கயிறு, ஒரு டேங்கர் வாடகை.