பாட்டியின் ஆறாவது விரல்

தில்லியில் உள்ள ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவியர் இருவர், பொங்கல் விழா அழைப்பிதழுக்காகச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் படம் உருவாக்கினர். “பொங்கலன்று பாட்டி வாசலில் கோலம் போடுகிறார், சுற்றிலும் குழந்தைகள் நிற்கிறார்கள்” என்பது அவர்கள் தட்டச்சு செய்த கட்டளை. இத்தகைய கட்டளையைப் ப்ராம்ப்ட் என்பர். சில நொடிகளில் படம் வந்தது. முதற்பார்வையில் அழகாகவே இருந்தது. அச்சுக்கு அனுப்புமுன் அதனை இருமடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் குறைகள் தெரியலாயின.

முதலில் கையை நோக்கினர். ஒவ்வொரு விரலையும் நுனியிலிருந்து உள்ளங்கை வரை கண்ணால் தொடர்ந்து சென்றால் பிழை அகப்படும். பாட்டியின் வலக்கையில் ஆறு விரல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று உள்ளங்கையைச் சேராமல், பக்கத்து விரலின் நடுக்கணுவிலிருந்து கிளைத்திருந்தது. விரல்கள் குறைவாகத் தெரிந்தால் உடனே பிழை என்று கொள்ளலாகாது. கோலமாவைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பிடிக்கும்போது மற்ற விரல்கள் மடங்கி மறைவது இயல்பே. மாணவி ஒருத்தி தன் கையை அதே நிலையில் வைத்து, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இதனினும் எளிய சோதனை வேறில்லை.

இப்பிழை ஏன் நேர்கிறது? செயலி எண்ணற்ற படங்களிலிருந்து தோற்றங்களைக் கற்கிறது. விரல்களை எண்ணிக் கற்பதில்லை. ஒரு விரலின் அருகே இன்னொரு விரல் இருக்கும் என்பதை அது அறியும். ஐந்தோடு நிறுத்த வேண்டும் என்பதை உறுதியாக அறியாது. கைகளோ படங்களில் சிறியனவாகவும், மடங்கியும், ஒன்றையொன்று மறைத்தும் காணப்படுபவை.

அடுத்து, கண்கள். பாட்டியின் இடக்கண் கோலத்தையும் வலக்கண் தெருவையும் பார்த்தன. ஒரு கருவிழியில் ஒளிப்புள்ளி மேற்புறமும், மற்றதில் கீழ்ப்புறமும் இருந்தது. முற்றத்தில் வெயில் ஒரே திசையிலிருந்து வீசும்போது இவ்வாறு அமையாது. முழு வாசலும் படத்தில் அடங்கியதால் முகம் மிகச் சிறியதாகிவிட்டது. அவ்வளவு சிறிய இடத்தில் கண்ணின் நுட்பங்கள் குழம்பிவிடுகின்றன. குழந்தைகளிடமோ வேறொரு குறை. மூவருக்கும் ஒரே முகம், ஒரே பூப்போட்ட சட்டை, ஒரே தலைச்சாய்வு. “குழந்தைகள்” என்று பொதுவாகச் சொன்னதற்குச் செயலி ஒரே குழந்தையை மூன்று முறை தந்துவிட்டது.

மாணவியர் முதலில், “ஆறு விரல்கள் வேண்டா” என்று சேர்த்தனர். மீண்டும் ஆறு விரல்களே வந்தன. பல செயலிகள் மறுப்புச் சொல்லை விட்டுவிட்டு, “ஆறு விரல்” என்னும் சொற்களையே பற்றிக்கொள்ளும். வேண்டாதவற்றைக் குறிக்கத் தனிக்கட்டம் உள்ள செயலிகளில் அதனை அங்கே எழுதலாம். அஃது இல்லாதபோது, வேண்டியதைச் சொல்வதே வழி.

ஆகவே கட்டளையை ஒவ்வொரு குறையாகத் திருத்தினர். எல்லாவற்றையும் ஒரேநேரத்தில் மாற்றியிருந்தால், எந்தச் சொல் பயன்தந்தது என்பது விளங்கியிராது. கைக்காக, “வலக்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கோலமாவைக் கிள்ளிப் பிடித்துள்ளன, மற்ற மூன்று விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியுள்ளன” என்று எழுதினர். முதன்முறை கட்டைவிரல் தவறான பக்கத்தில் வந்தது; அதே கட்டளையை மூன்றாம் முறை இட்டபோது கை சரியாயிற்று. பின்னர், “அருகிலிருந்து காணும் காட்சி, பாட்டியின் முகம் பெரிதாகத் தெரிகிறது, இமைகள் தாழ்ந்து, பார்வை தரையின்மேல் உள்ளது” என்று சேர்த்தனர். கோலம் போடுபவர் தரையைத்தானே பார்ப்பார்!

குழந்தைகளைத் தனித்தனியே விவரித்தனர்: பச்சைப் பாவாடை அணிந்த, இரட்டைச் சடைச் சிறுமி, மூக்குக்கண்ணாடி அணிந்த உயரமான சிறுவன், அவன் தோளளவே உள்ள, மொட்டைத்தலைத் தம்பி. சிறுவனின் கையில் கரும்பு கொடுக்க ஒருத்தி விரும்பினாள். பொருளைப் பற்றும் கை மேலும் ஒரு சிக்கல் என்பதால், “கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்” என்று முடித்தனர்.

எஞ்சியது கோலம். சிக்குக்கோலத்தின் இழை புள்ளிகளைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே கூட வேண்டும். பென்சில் முனையால் பின்தொடர்ந்தபோது, படத்திலிருந்த இழை இரண்டு இடங்களில் அறுந்து நின்றது. புள்ளிகளும் வரிசைக்கு வரிசை மாறின. கட்டளையை நான்கு முறை மாற்றியும் அது சீராகவில்லை. கோலத்தின் தோற்றத்தைச் செயலி தந்தது, கணக்கைத் தரவில்லை. இறுதியில் “கோலம் இன்னும் தொடங்கப்படாத, சாணம் தெளித்த வெறுந்தரை” என்று மாற்றினர். படத்தை அச்சிட்டபின், அவ்வெற்றிடத்தில் 7 புள்ளியில் தொடங்கி 4 வரை குறையும் இடைப்புள்ளிக் கோலத்தை வெள்ளை மையால் தாமே வரைந்தனர்.