கடன் வாங்கியது ஒருவர், மிரட்டல் வருவது உறவினருக்கு!

வாழைக்கு முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கம்பு வாங்க வேண்டும், கையில் காசில்லை. ஸ்ரீரங்கம் பக்கத்து விவசாயி ஒருவர், வாட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தொட்டு ஒரு கடன் செயலியை இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 5,000 ரூபாய் கடன் என்பார்கள். கட்டணம் பிடித்தது போக 3,200 ரூபாய்தான் கணக்கில் ஏறும். ஏழாம் நாள் முழு 5,000 ரூபாயையும் கேட்பார்கள். தவணை தவறினால், திருச்சியில் இருக்கும் மச்சானுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் போன் போகும்.

அந்த எண்கள் எப்படிக் கிடைத்தன? செயலியைத் திறந்ததும் Contacts பார்க்க அனுமதி கேட்கும். Allow என்பதைத் தொட்ட சில நொடிகளில், போனில் உள்ள பெயர், எண் எல்லாம் அவர்களுடைய கணினிக்குப் போய்விடும். பிறகு செயலியை அழித்தாலும் அந்தப் பட்டியல் திரும்பாது.

2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீசார், இப்படிப்பட்ட செயலிகள் தொடர்பாகப் பெங்களூருவில் இயங்கிய கால்சென்டரைப் பிடித்தார்கள். கைதானவர்களில் இருவர் சீன நாட்டவர். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையோ போட்டோக்களையோ எடுக்கக் கூடாது. 2023 மே 31 முதல் கூகுள் பிளே ஸ்டோரும் இதைத் தடை செய்துள்ளது. ஆனால், லிங்க் மூலம் வெளியிலிருந்து இறக்கும் செயலியை அந்தத் தடை கட்டுப்படுத்தாது. எனவே, எண்களைக் கேட்கும் கடன் செயலி எதுவானாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தால், Settings, Apps, செயலியின் பெயர், Permissions, Contacts என்று போய் Don't allow வையுங்கள். இனி சேர்க்கும் எண்களாவது தப்பும்.

அடுத்த வேலைதான் முக்கியம். அவர்கள் கூப்பிடும் முன் நீங்களே உறவினரிடம் சொல்லிவிடுங்கள். மறைக்க நினைப்பதுதான் அவர்களுக்குப் பலம். அந்த வெட்கத்தால்தான் பலர் ஒரு செயலியின் கடனை அடைக்க இன்னொரு செயலியில் வாங்குகிறார்கள்.

உறவினருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: தானாக ஒப்புக்கொள்ளாத யாரும் அடுத்தவர் கடனுக்கு ஜாமீன்தாரர் ஆக மாட்டார். போனில் பெயர் இருந்தது என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. அவர்கள் அனுப்பும் லிங்கைத் தொடக் கூடாது. ஆபாசமாக மாற்றிய படம் வந்தால் யாருக்கும் அனுப்பாமல், அனுப்பியவர் எண்ணும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு, அந்த எண்ணைத் தடுக்கலாம்.

அந்த ஸ்கிரீன்ஷாட்கள், கடன் வரவான வங்கிக் கணக்கு விவரம், பணம் கட்டிய யுபிஐ எண் ஆகியவற்றுடன் 1930 எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ புகார் செய்யலாம். திருச்சி மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையங்கள் உள்ளன. ஸ்ரீரங்கம் மாநகரத்தில் சேரும். மிரட்டப்பட்ட உறவினரும் தன் பெயரிலேயே புகார் கொடுக்கலாம்.