சனி இரவும் ஞாயிறு காலையும்

கணவர் சனி இரவு 2 மணி வரை செல்போனில் விளையாடுகிறார். ஞாயிறு காலை மனைவி பிள்ளைகளோடு தனியாகத் திருப்பலிக்குப் போகிறார். அந்த 2 மணிக்கே எழுந்து கேட்டால் சண்டைதான் வரும். நண்பர்களோடு அணியாக ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்த முடியாது. ஒருவர் விலகினால் அணியே திணறும். விளையாடாத நம்மில் பலருக்கு இது தெரிவதில்லை.

ஆகவே சனி மாலை தேநீர் குடிக்கும்போதே பேசிவிடுவோம். “எப்பப் பாத்தாலும் போன்தான்” என்று தொடங்காமல், “நாளைக்குக் காலையில நீங்களும் வரணும்ங்க. 11 மணிக்கு மேல புது ஆட்டம் தொடங்காதீங்க” என்று கேட்கலாம். தொடங்கிய ஆட்டம் பதினொன்றரைக்கு முடிந்தால் முகம் சுளிக்க வேண்டாம். வெள்ளி இரவை அவருக்கே விட்டுவிடலாம்.

ரீல்ஸ் வேறு கதை, அதற்கு முடிவே கிடையாது. அதைப் பார்ப்பவர் மனைவியாகவும் இருக்கலாம். 11 மணிக்கு இருவர் போனும் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும்.