பதினைந்தாயிரமா, மணிக்குத் தொண்ணூறா?

சென்னை நிறுவனமொன்றில் பயிற்சிக்குச் சேரும் மாணவிக்கு மாதம் 15,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்துக்கொள்வோம். கையில் வருவதோ 14,792. குறைந்த 208 ரூபாய் தொழில்வரி. அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் மாநகராட்சிக்கு 1,250 ரூபாய் கட்ட வேண்டும். அதை ஆறாகப் பங்கிட்டுப் பிடிக்கிறார்கள்.

சில நிறுவனங்கள் மொத்தத்தையும் ஒரே மாதத்தில் பிடித்துவிடும். அந்த மாதம் வெறும் 13,750தான் வரும். மூன்றே மாதப் பயிற்சி என்றால் கவனம் தேவை: அரையாண்டில் மொத்த வருமானமே 45,000தான், அதற்கான வரிப்படி இன்னும் கீழே. கூடுதலாகப் பிடித்திருந்தால் தயங்காமல் கேட்கலாம்.

மணிக்கணக்குக்கு வருவோம். நாளுக்கு 8 மணி, 22 நாள், ஆக 176 மணி. பிடித்தத்துக்கு முன் மணிக்கு 85 ரூபாய், பின் 84. வரி தின்றது ஒரே ஒரு ரூபாய்தான்!

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. தினமும் இரவு எட்டு மணிவரை உட்கார வைத்தால் வேலை 220 மணியாகிறது. மணிக்கூலி 67 ரூபாயாகச் சரிகிறது. சம்பளச் சீட்டில் இது எங்கும் தெரியாது.

அப்படியானால் மணிக்கு 90 ரூபாய் தரும் இன்னொரு இடம் மேலா? முழு மாதத்துக்கு 15,840 வரும். ஆனால் பொங்கலுக்கு மூன்று நாள் அலுவலகம் மூடினால் 152 மணிதான், 13,680 ரூபாய். மாதத் தொகை வாங்குபவருக்கு அந்த மூன்று நாளும் சம்பளத்தோடு கூடிய விடுமுறை.