சம்பா நாற்று விடுமுன் கையிருப்பைப் பாருங்கள்

பிச்சாவரம், கிள்ளைப் பகுதியில் ஆவணியில் சம்பாவுக்கு நாற்று விடுவோர், ஆடியிலேயே விதை, உரம், கருவிகளின் கையிருப்பைக் கணக்கெடுப்பது நலம். உப்பங்கழியின் ஈரக்காற்று வீசும் இவ்வூர்களில், தை மாதத்தில் மூட்டை கட்டிய பொருள் ஆடி வரை அப்படியே இருப்பதில்லை.

முதலில் விதையைப் பார்க்க வேண்டும். கோ 43 போன்ற மத்திய கால ரகத்திற்கு ஏக்கருக்கு 16 கிலோ விதை போதும். ஆனால் இந்த அளவு, நூற்றுக்கு 80 விதையாவது முளைத்தால்தான் பொருந்தும். மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் எடுத்துக் கலந்து, 100 விதைகளை எண்ணி, நனைத்த சாக்கில் பரப்பிச் சுருட்டி நிழலில் வையுங்கள். சாக்கு காயாமல் நீர் தெளித்து வந்து, ஏழாம் நாள் வேரும் குருத்தும் நன்கு வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள்.

உதாரணமாக 64 முளைத்திருந்தால், 16ஐ 80ஆல் பெருக்கி 64ஆல் வகுக்க வேண்டும். ஏக்கருக்கு 20 கிலோ தேவை என்று தெரியும். முளைப்பு 60க்கும் கீழே போனால் விதையைக் கூட்டிப் பயனில்லை. முளைத்தவையும் வலுவற்ற நாற்றாகவே இருக்கும். அதை அரிசிக்கு ஒதுக்கிவிட்டு, நீல நிற அட்டையுள்ள சான்று விதை வாங்குங்கள். அட்டையில் காலாவதி நாளைப் பார்க்க மறவாதீர்கள்.

அடுத்து உரம். கட்டி தட்டிய யூரியாவை வீணென்று எறிய வேண்டாம். உடைத்துத் தூளாக்கி இடலாம், தழைச்சத்து குறைந்திராது. மூட்டை நனைந்து நீராய் ஒழுகியிருந்தால் மட்டும் ஒழுகிய அளவு நட்டமே. மீதியை எடைபோட்டு, குறைவதை மட்டும் வாங்குங்கள். மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகைமேல் அடுக்க வேண்டும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டும் இருப்பில் இருக்கட்டும். அதை 20 கிலோ மணலில் கலந்து, நடவுக்குச் சற்று முன் தூவ வேண்டும். டி.ஏ.பி.யுடன் கலக்கலாகாது, மணிச்சத்தோடு சேர்ந்து துத்தநாகம் பயிருக்குக் கிட்டாமல் போகும்.

கருவிகளில் கைத்தெளிப்பானைக் கவனியுங்கள். வெறும் நீர் நிரப்பி அடித்து, ஒழுக்கு உண்டா, முனையில் நீர் சீராக விசிறுகிறதா என்று பாருங்கள். சம்பாவில் 2,4-டி களைக்கொல்லி அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல், தையில் நெல் தரிசு உளுந்துக்கு மருந்தடித்தால், உளுந்தின் குருத்து முறுக்கிக்கொண்டு இலை சுருங்கும். இதைப் பலர் நோயென்று கருதி மேலும் மருந்து அடிக்கிறார்கள். களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைப்பதே பாதுகாப்பு. இயலாதவர்கள் சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி ஓர் இரவு வைத்து, குழாய், முனை வழியாகவும் அடித்து வெளியேற்றி, பின்பு நல்ல நீரில் மும்முறை கழுவ வேண்டும்.

உளுந்து விதையையும் மார்கழியிலேயே இதே சாக்கு முறையில் சோதித்து விடுங்கள். வண்டு துளைத்த விதை கண்ணுக்கு முழுதாகத் தெரிந்தாலும், சாக்கில் உண்மை தெரிந்துவிடும். சம்பா அறுவடைக்குப் பத்து நாள் முன் தெளிக்கும்போது விதை தேடி அலைய நேரம் இராது.