மலையில் 563, தரையில் 408

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மவுண்ட் வாஷிங்டன் என்றொரு மலை இருக்கிறது. அதன் உச்சியில் ஒரு கருவியை வைத்து, வானிலிருந்து பொழியும் மியூவான் என்ற நுண்துகள்களை டேவிட் ஃப்ரிஷ், ஜேம்ஸ் ஸ்மித் என்ற இரு இயற்பியலாளர்கள் எண்ணினார்கள். மணிக்குச் சராசரியாக 563 வந்தன. பிறகு அதே கருவியைக் கடல்மட்டத்தை ஒட்டிய கேம்பிரிட்ஜ் நகருக்குக் கொண்டுவந்து எண்ணினார்கள். 408 வந்தன. முடிவுகள் 1963-ல் வெளியாயின.

இதில் வியப்பு என்னவென்றால், 408 மிக மிக அதிகம். ஓய்வில் இருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடிதான். அவர்கள் எண்ணியவை ஒளியின் வேகத்தில் 99.5 விழுக்காட்டில் பாய்ந்தவை. அந்த வேகத்தில் 1,907 மீட்டர் இறங்க ஏறத்தாழ 6.4 மைக்ரோ நொடி ஆகும். அதற்குள் பெரும்பாலானவை சிதைந்துபோக வேண்டும். பழைய கணக்குப்படி தரைக்கு வந்து சேர வேண்டியவை 30-ஐ ஒட்டித்தான். வந்தவையோ 408. மியூவானின் கடிகாரம் நம் கடிகாரத்தோடு சேர்ந்து ஓடவில்லை என்பது எண்ணிக்கையிலேயே தெரிகிறது. எவ்வளவு மெதுவாக ஓடியது என்பதைப் பள்ளி இயற்கணிதத்தாலேயே கண்டுபிடிக்கலாம். ஐன்ஸ்டைன் 1905-ல் முன்வைத்த இரண்டு எடுகோள்கள் கையில் இருந்தால் போதும்.

முதல் எடுகோள்: ஒன்றுக்கொன்று சீரான வேகத்தில் நகரும் எல்லோருக்கும் இயற்பியல் விதிகள் ஒன்றே, "நான்தான் உண்மையில் நிற்கிறேன்" என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. இரண்டாவது: வெற்றிடத்தில் ஒளியின் வேகம் c எல்லோருக்கும் ஒன்றே, விளக்கு நகர்ந்தாலும் நின்றாலும். முதலாவதை மனம் எளிதில் ஏற்கும். ஓடும் ரயிலுக்குள் பயணத் திசையில் நடப்பவரின் வேகத்தை ரயிலின் வேகத்தோடு கூட்டியே பழகிய நமக்கு, இரண்டாவதுதான் உறுத்தும். ஒளிக்கு அந்தக் கூட்டல் செல்லாது என்கிறது அது.

இனி இரண்டு பார்வையாளர்கள். ஒருவர் மலையோடு சேர்ந்து நிற்கிறார். ஒரு நிகழ்வு எங்கே, எப்போது நடந்தது என்பதை x, t என்று குறிக்கிறார். இன்னொருவர் மியூவானோடு v வேகத்தில் செல்கிறார். அதே நிகழ்வை x', t' என்று குறிக்கிறார். இப்படி ஒருவர் தன் அளவுகோலையும் கடிகாரத்தையும் வைத்து அளக்கும் அமைப்புக்குக் குறிப்பாயம் என்று பெயர். இருவரும் ஒரே இடத்தில் இருக்கும் கணத்தில் இரு கடிகாரங்களும் சுழியில் தொடங்குகின்றன. ஒருவரின் எண்களை மற்றவரின் எண்களாக மாற்றும் விதி என்ன?

ஒருவருக்கு நேர்கோட்டில் சீராகச் செல்லும் பொருள் மற்றவருக்கும் அப்படியே தெரிய வேண்டும். ஆகவே விதியில் வர்க்கமும் கனமும் வர இடமில்லை, முதற்படிச் சமன்பாடுதான். மியூவான் இருக்கும் இடம் x = vt. அதன் சொந்தக் கணக்கில் அது எப்போதும் x' = 0. இந்த இரண்டும் பொருந்த வேண்டுமென்றால் விதியின் வடிவம் இப்படித்தான் இருக்க முடியும்:

x' = γ(x − vt)

γ என்பது இன்னும் தெரியாத ஒரு பெருக்கெண். பழைய இயற்பியல் அதை 1 என்றே எடுத்துக்கொண்டது. இப்போது முதல் எடுகோளைக் கொண்டுவருவோம். மியூவானின் பார்வையில் மலைதான் எதிர்த்திசையில் v வேகத்தில் நகர்கிறது. இருவருக்கும் ஒரே விதி என்பதால் திரும்பும் சமன்பாட்டிலும் அதே γ வர வேண்டும். V-யின் குறி மட்டும் மாறும்:

x = γ(x' + vt')

அடுத்து இரண்டாவது எடுகோள். கடிகாரங்கள் சுழியில் இருந்த கணத்தில் ஓர் ஒளிக்கீற்று புறப்படுகிறது. ஒருவருக்கு அது x = ct, மற்றவருக்கு x' = ct'. இரண்டு சமன்பாடுகளிலும் இதைப் போட்டால்:

ct' = γ(c − v)t
ct = γ(c + v)t'

இரண்டையும் பெருக்குங்கள். இருபுறமும் tt' அடிபட்டுப் போகும். மிஞ்சுவது c² = γ²(c² − v²). அதாவது:

γ = 1/√(1 − v²/c²)

இனி முதல் இரண்டு சமன்பாடுகளிலிருந்து x'-ஐ நீக்கினால் நேரத்துக்கான விதியும் கிடைத்துவிடும்:

t' = γ(t − vx/c²)

இதுதான் லோரன்ஸ் மாற்றம். டச்சு இயற்பியலாளர் ஹென்ட்ரிக் லோரன்ஸ் 1904-லேயே மின்காந்தவியல் வழியாக இந்த வடிவத்தை எட்டியிருந்தார். 1905-ல் அவர் பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சுக் கணிதர் ஆன்றி புவான்கரே. கடைசிச் சமன்பாட்டில் vx/c² என்ற உறுப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு நிகழ்வு எப்போது நடந்தது என்ற கேள்விக்கான விடையில், அது எங்கே நடந்தது என்பதும் கலந்திருக்கிறது. சார்பியலில் வரும் புதிர்களில் பாதி இந்தச் சின்ன உறுப்பை மறப்பதால் வருபவை.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இடமும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறினாலும், (ct)² − x² என்ற கழித்தல் மாறாது. இதற்கு இடைவெளி என்று பெயர். சரியாகச் சொன்னால் இடைவெளியின் வர்க்கம். நிரூபணம் இரண்டே வரி. v/c என்பதை β என்று எழுதினால் ct' = γ(ct − βx), x' = γ(x − βct). இரண்டையும் வர்க்கப்படுத்திக் கழிக்கும்போது குறுக்கு உறுப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மீதி γ²(1 − β²)[(ct)² − x²]. γ²(1 − β²) என்பது 1-தான். ஆக, பழைய கழித்தலே திரும்ப வருகிறது.

மியூவானுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். அது மலையுச்சியில் இருந்த கணம் முதல் நிகழ்வு, தரையைத் தொட்ட கணம் இரண்டாவது. நம் கணக்கில் x = 1907 மீட்டர். அதே நேரத்தில் ஒளி கடந்திருக்கக்கூடிய தூரம் ct = 1907/0.995, அதாவது 1916.6 மீட்டர். வர்க்கங்களைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 191.4 மீட்டர். இனி மாற்ற விதி. 0.995-க்கு γ சற்றேறக்குறைய 10. ct' = γ(1916.6 − 0.995 × 1907), இதுவும் 191.4 மீட்டர். மியூவான் தன் இடத்தை விட்டு நகராததால் x' = 0. எனவே அதன் பக்கத்து இடைவெளியும் 191.4. இரு பக்கமும் பொருந்துகிறது. 191.4 மீட்டரை ஒளி கடக்க ஆகும் நேரம் 0.64 மைக்ரோ நொடி. மியூவானின் கடிகாரத்தில் கழிந்தது அவ்வளவுதான். 2.2 மைக்ரோ நொடி ஆயுளுள்ள துகளுக்கு அது சிறு பகுதி. நான்கில் மூன்று பங்கு பிழைத்திருக்க வேண்டும். 563-ல் நான்கில் மூன்று பங்கு 422. எண்ணியது 408.

சிறிய வித்தியாசத்துக்கும் காரணம் உண்டு. காற்றில் இறங்கும் மியூவான்கள் வழியில் வேகம் குறைகின்றன. நம் விதியோ மாறாத வேகத்துக்கு உரியது. மலையுச்சியில் கருவிக்கு மேல் வைத்த இரும்பின் தடிமனைத் தரையில் ஃப்ரிஷும் ஸ்மித்தும் குறைத்ததும் இதனால்தான். கடந்து வந்த காற்று ஏற்கெனவே உறிஞ்சிவிட்ட ஆற்றலுக்கு அது ஈடு. வேகக் குறைவையும் சேர்த்து அவர்கள் எதிர்பார்த்த சராசரிப் பெருக்கெண் 8.4, அளவில் கிடைத்தது 8.8. இரண்டின் பிழை எல்லைக்குள் இது நல்ல பொருத்தம்.

vx/c²-ஐ மறந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே எண்களில் பார்த்துவிடலாம். t' = γt என்று மட்டும் எழுதினால் மியூவானுக்கு 64 மைக்ரோ நொடி ஆகிறது. மெதுவாக ஓட வேண்டிய கடிகாரம் பத்து மடங்கு வேகமாக ஓடுகிறது! சரி தவறு புரியாமல் குழம்பும் இந்த இடத்தில் இடைவெளி கைகொடுக்கும்: ஒரு பக்கம் 191 மீட்டர், மறுபக்கம் 19,190. தவறு உடனே பிடிபடும்.

இரண்டாவது எடுகோள் மட்டும் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. ஜெர்மனியின் வோல்டெமார் ஃபோக்ட் 1887-ல், ஒளி அலைகளின் சமன்பாட்டை மாற்றாமல் காக்கும் விதி ஒன்றைத் தேடி x' = x − vt, t' = t − vx/c² என்று எழுதினார். லோரன்ஸ் மாற்றத்துக்கு ஐன்ஸ்டைனுக்கு 18 ஆண்டுகள் முன்பே ஒரு விரல்கடை தூரம் வரை வந்துவிட்டார். Γ மட்டும் இல்லை. ஒளிக்கு இடைவெளி சுழி. சுழியை எதனால் பெருக்கினாலும் சுழிதான். ஆகவே ஒளியை மட்டும் வைத்துச் சோதித்தால் ஃபோக்டின் விதி தேறிவிடும். மியூவானை வைத்துச் சோதித்தால் 191.4 மீட்டர் 19.1 ஆகச் சுருங்கிவிடுகிறது. அவர் விதியைத் தலைகீழாக்கினால் γ² என்ற பெருக்கெண் முளைக்கும். போகும்போது ஒரு விதி, திரும்பும்போது வேறு விதி. முதல் எடுகோள் இதை அனுமதிக்காது. γ-வின் அளவை நிலைநிறுத்துவது இரு எடுகோள்களும் சேர்ந்துதான்.

இடைவெளிச் சோதனைக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. v-யின் குறியைத் தவறாகப் போட்டால் அது காட்டிக்கொடுக்காது. v = 0.6c என்று வையுங்கள்; γ = 1.25. ct = 5, x = 3 என்ற நிகழ்வுக்குச் சரியான விடை ct' = 4, x' = 0. இடைவெளி 25 − 9 = 16, மறுபக்கமும் 16. இப்போது கழித்தலுக்குப் பதில் கூட்டல் போடுங்கள். ct' = 8.5, x' = 7.5 வரும். 72.25 − 56.25 என்று கழித்தால் அதுவும் அதே 16. நகரும் குறிப்பாயத்தின் மையமே அந்த நிகழ்வில் இருந்தும் x' = 0 வரவில்லை என்பதுதான் தவறைக் காட்டும். எனவே இடைவெளி பொருந்தியதும் பென்சிலைக் கீழே வைத்துவிடாதீர்கள்; x = vt என்று போட்டு x' சுழியாகிறதா என்பதையும் பாருங்கள்.